கூப்பிய கை, அசையும் கை

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வந்ததும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்தேன். முதல் வரிசையில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கம் திரும்பியபோது கை கொஞ்சம் மேலே ஏறியது, தலை கொஞ்சம் தாழ்ந்தது. கடைசி வரிசையில் நிற்கும் தம்பியைப் பார்த்துச் சிரித்துத் தலையை மட்டும் ஆட்டினேன். இதையெல்லாம் நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. நீங்களும் கணக்கெடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஆசிரியரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அந்தத் தம்பியைப் பார்த்து நெற்றிவரை கைகூப்பியிருந்தால், இந்த மண்டபத்தில் ஒருவர் விடாமல் கவனித்திருப்பீர்கள்.

இன்று நான் பேசவந்தது செல்பேசியில் நாம் நாள்தோறும் அனுப்பும் இரண்டு சின்னப் படங்களைப் பற்றி. ஒன்று கூப்பிய கை 🙏. இன்னொன்று அசையும் கை 👋. இரண்டையும் நாம் வணக்கத்துக்குப் பயன்படுத்துகிறோம். இரண்டுமே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. காரணம் நமக்கு அறிவு குறைந்துவிட்டது என்பதல்ல. வணக்கம் என்பது கையோடு முடிகிற காரியமில்லை. படத்தில் கை மட்டும்தான் இருக்கிறது.

பரதநாட்டியம் பயின்றவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது பழைய பாடம். நந்திகேசுவரரின் 'அபிநய தர்ப்பணம்' அஞ்சலி முத்திரைக்கு மூன்று உயரங்களைச் சொல்கிறது. தெய்வத்துக்குத் தலைமேல், குருவுக்கு முகத்துக்கு நேரே, அந்தணருக்கு மார்புக்கு நேரே. மூன்றுக்கும் முத்திரை ஒன்றேதான். யாருக்கு என்பதை உயரம்தான் சொல்கிறது. தாய்லாந்தில் 'வாய்' என்று சொல்லும் வணக்கமும் இதே வழியில்தான் நடக்கிறது. பிக்குவுக்குக் கட்டைவிரல் புருவ நடுவரை போகும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கு நுனிவரை. சமவயதுக்காரருக்கு அதற்கும் கீழே. அங்கே இன்னொரு விதியும் உண்டு. இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். பிக்கு திருப்பிக் கைகூப்புவதில்லை.

ஆக, ஒரு கும்பிடுக்குள் உயரம் இருக்கிறது, குனிவு இருக்கிறது, முகம் இருக்கிறது, யார் முந்தியது என்ற கணக்கும் இருக்கிறது. செல்பேசித் திரையில் இவற்றில் எதுவும் இல்லை. தெய்வத்துக்கும் அதே படம், வாடகை கேட்கும் வீட்டுக்காரருக்கும் அதே படம்.

சரி, இந்தப் படம் எங்கிருந்து வந்தது? பலர் இது இந்தியாவின் நமஸ்தே என்று நினைக்கிறார்கள். இல்லை. இது ஜப்பானில் பிறந்தது. அங்கே செல்பேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு படத்தொகுப்பு வைத்திருந்தன. சாஃப்ட்பேங்க் நிறுவனத்தின் பட்டியலில் கூப்பிய கையும் அசையும் கையும் அடுத்தடுத்த இடத்தில் இருந்தன, அதற்கடுத்து கைதட்டல். 2008இல் ஜப்பானில் ஐபோனை விற்றது அதே சாஃப்ட்பேங்க்தான். அந்தப் படங்களை ஆப்பிள் தன் கருவிக்குக் கொண்டுவந்ததும் அதனால்தான். 2010இல் யூனிகோடு தன் 6.0 பதிப்பில் இவற்றுக்கு உலகப் பொதுவான எண் கொடுத்தது. அங்கே ஒரு சின்ன வேடிக்கை நடந்தது. அசையும் கை மற்றக் கைகளோடு, குத்துக்கைக்கும் கட்டைவிரலுக்கும் பக்கத்தில், போய் உட்கார்ந்தது. கூப்பிய கை மட்டும் முகங்களும் ஆட்களும் இருக்கும் தொகுதியில் கடைசி இடத்தில் வந்தது. அதற்கு யூனிகோடு வைத்த பெயரும் 'கைகூப்பிய ஆள்' என்பதுதான். ஆள் என்று பெயரில் இருக்கிறது. சில நிறுவனங்களின் பழைய வடிவங்களில் முகமும் தோளும் உள்ள ஆளையே வரைந்தும் இருந்தார்கள். பிறகு எல்லோரும் ஆப்பிள் வழிக்கு வந்து ஆளை நீக்கிவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், இத்தனை குழப்பத்துக்கும் அங்கேதான் தொடக்கம்.

ஜப்பானியர் எதற்குக் கைகூப்புகிறார்கள்? கோயிலில், கல்லறை முன்னால், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும். அதைத் தவிர, நெருங்கியவரிடம் ஓர் உதவி கேட்கும்போதும், 'மன்னிச்சுக்கோ' என்று கெஞ்சும்போதும் முகத்துக்கு முன்னால் கையைச் சேர்த்துத் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார்கள். இந்தப் படம் அங்கே பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டுக்கும் நன்றிக்கும்தான் பயன்படுகிறது. யூனிகோடு அட்டவணையில் இதற்கு எழுதியிருக்கும் குறிப்பும் வருத்தத்தையும் கெஞ்சுதலையும்தான் சொல்கிறது. வணக்கம் அங்கே இல்லை. ஜப்பானில் ஒருவரை எதிர்கொள்ளும்போது குனிவார்கள், கைகூப்புவதில்லை. குனிந்து வணங்கும் ஆளுக்குத் தனியாக வேறொரு படமே இருக்கிறது.

இதனால் என்ன நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஒரு பெண் வேலை செய்கிறார், ஓசாகாவில் அவருடைய வாடிக்கையாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அரட்டைப் பெட்டியைத் திறந்ததும் இந்தப் பெண் ஒரு 🙏 மட்டும் போடுகிறார். நமக்கு அது காலை வணக்கம். ஓசாகாக்காரர் அதைப் பார்த்ததும், ஏதோ தவறு நடந்துவிட்டது, மன்னிப்பு கேட்கிறார்கள் என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 'என்ன பிரச்சினை?' என்று அவர் எழுதுவார். பெண்ணுக்கு எதுவும் புரியாது. 'ஒன்றுமில்லை' என்று பதில் எழுதி, மரியாதைக்காக இன்னொரு 🙏 சேர்ப்பார். ஓசாகாக்காரருக்குச் சந்தேகம் கூடும். அதே பெண் 'கோப்பை அனுப்பியிருக்கிறேன்' என்று எழுதி அதன் பின்னால் 🙏 போட்டிருந்தால் சிக்கல் இல்லை. 'தயவுசெய்து பாருங்கள்' என்று அவர் எடுத்துக்கொள்வார். கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்ட தொனி என்று வேண்டுமானால் நினைப்பார். படம் ஒன்றுதான். வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்பதுதான் வேறு. இதை நினைவில் வையுங்கள், மறுபடியும் இங்கே வருவேன்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கைகூப்புவது ஜெபம். 1508 வாக்கில் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த கூப்பிய கைகளின் படம் அச்சுப் படங்களாக, சுவர் அலங்காரமாக, கல்லறைச் சின்னமாக அவர்கள் கண்ணில் பதிந்த ஒன்று. அதனால் 'உனக்காக ஜெபிக்கிறேன்' என்றே அவர்கள் படிக்கிறார்கள். பல அரட்டைச் செயலிகளில் இந்தப் படத்தை வரவழைக்க `:pray:` என்று தட்டச்ச வேண்டியிருப்பதும் அந்தப் பார்வையால்தான். நீங்கள் வணக்கம் என்று அனுப்புவது, 'இவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல' என்று போய்ச் சேரலாம்.

அதே அமெரிக்காவில் இன்னொரு கட்சி உண்டு. இது இரண்டு பேர் உள்ளங்கையை உள்ளங்கையோடு தட்டிக்கொள்ளும் 'ஹை-ஃபைவ்' என்று அடித்துச் சொல்வார்கள். இதைக் கேலி செய்ய வேண்டாம். ஆப்பிளின் பழைய வடிவத்தில் கைகளுக்குப் பின்னால் மஞ்சள் ஒளிக்கதிர்கள் இருந்தன. கையோடு கை மோதிய பொறி மாதிரி அது தெரிந்தது. பிறகு அதை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் எமோஜிகளைத் தேடுவதற்கான பொதுச் சொற்பட்டியலில் இந்தப் படத்துக்கு 'ஹை-ஃபைவ்' என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கிறது. தவறான வாசிப்பாகவே இருந்தாலும் போதுமான பேர் அப்படி வாசித்தால் பட்டியலில் இடம் கிடைத்துவிடும்.

யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டைவிரலைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு இப்போதே வலக்கையும் வலக்கையுமாகத் தட்டிப் பாருங்கள். தயங்காதீர்கள், கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கட்டைவிரல் ஒரு பக்கம் இருக்கும், அவர் கட்டைவிரல் எதிர்ப் பக்கம் இருக்கும். இப்போது தனியாகக் கைகூப்புங்கள். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம், உங்கள் நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். செல்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலான வடிவங்களில் இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம்தான். சட்டைக் கையும் இரண்டிலும் ஒரே நிறம். அது ஓர் ஆளின் இரண்டு கைகள்தான்.

இனி நம்மூருக்கு வருவோம். நாம் மட்டும் இதைச் சரியாக வாசிக்கிறோமா? நமக்குள் இருக்கும் குழப்பம் ஜப்பானியருக்கும் நமக்கும் இடையில் இருப்பதைவிடச் சுவையானது. தமிழில் கும்பிடு வரவேற்பு. கும்பிடு நன்றி. கும்பிடு மன்றாட்டு. செத்தவருக்குச் செலுத்தும் அஞ்சலி. அதோடு, 'உனக்கு ஒரு பெரிய கும்பிடு, ஆளை விடு' என்பதும் கும்பிடுதான். நேரில் இந்தக் கடைசிக் கும்பிடை அடையாளம் காண யாருக்கும் சிரமம் இல்லை. கை தலைக்கு மேலே போகும், உதடு சுழியும், உடம்பு பாதி திரும்பியிருக்கும். தெய்வத்துக்கு வைக்கும் உயரத்தை மனிதனுக்கு வைப்பதில்தான் அந்தக் கிண்டலே இருக்கிறது. உயரம் இல்லாத படத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

2022 மே மாதம் வாட்ஸ்அப், ஒரு செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் படத்தால் பதில் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் ஆறு படங்கள்தான். கட்டைவிரல், இதயம், ஆனந்தக் கண்ணீர், வியந்த முகம், அழும் முகம், ஆறாவதாகக் கூப்பிய கை. சில வாரங்களில் எல்லாப் படங்களையும் அனுமதித்தார்கள். ஆனாலும் முன்வரிசையில் நின்றதால் கூப்பிய கை நம் விரலுக்கு மிக அருகில் வந்துவிட்டது. அன்றுமுதல் அது பாதி நேரம் 'படித்துவிட்டேன்' என்பதற்கான முத்திரையாகவும் ஆகிவிட்டது.

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தன் மைத்துனருக்கு எழுதுகிறார்: 'மாப்பிள்ளை, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும், ஒரு அஞ்சாயிரம் புரட்ட முடியுமா? முதல் தேதி தந்துடறேன்.' பத்து நிமிடத்தில் அந்தச் செய்தியின் மேல் ஒரு 🙏 வந்து ஒட்டிக்கொள்கிறது. வேறு பதில் இல்லை. இதற்கு என்ன பொருள்? 'சரிங்க மச்சான், ஏற்பாடு பண்றேன்' என்றும் இருக்கலாம். 'மன்னிச்சுக்குங்க, இப்ப கையில இல்லை' என்றும் இருக்கலாம். 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா சாமி' என்றும் இருக்கலாம். கேட்டவர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போவதா வேண்டாமா? கூப்பிட்டுக் கேட்கவும் கூச்சம். கேட்டவருக்கு நம்பிக்கை இருந்தால் முதல் பொருள் தெரியும். ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தால் மூன்றாவதுதான் தெரியும். அனுப்பியவர் ஒரே ஒரு சொல், 'சரி' என்றோ 'முடியாது' என்றோ, சேர்த்திருந்தால் போதும். கூப்பிய கை மரியாதையைக் கொண்டுபோகும். ஆமா, இல்லை என்ற பதிலை அதன் தலையில் ஏற்றினால் அதனால் சுமக்க முடியாது.

அப்படியானால் தமிழர்கள் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறோம்? சமாளிக்கிறோம், பெரும்பாலும் நன்றாகவே. உயரம் போன இடத்தில் நாம் இடத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். பெயருக்கும் 'ஐயா'வுக்கும் பின்னால், செய்தியின் தலையில் வந்தால் அது வணக்கம். செய்தியின் வாலில் வந்தால் நன்றி அல்லது வேண்டுகோள். மரண அறிவிப்பின் கீழே வந்தால் அஞ்சலி. ஒரு நீண்ட வாக்குவாதத்துக்குப் பின்னால் சொல் எதுவும் இல்லாமல் தனியாக நின்றால், ஆளை விடு. இந்த இலக்கணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் நம் சித்தப்பாக்களும் அத்தைகளும் சேர்ந்து உருவாக்கியது. காலை வணக்கப் படங்களைப் பார்த்து இளைஞர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் இந்த ஒழுங்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தப் படங்களை அனுப்புகிறவர்கள்தான்.

குழப்பம் வரும் இடங்களையும் இதை வைத்தே சொல்லிவிடலாம். தலையும் வாலும் இல்லாமல் தனியாக நிற்கும் 🙏 எப்போதும் ஆபத்தானது. பேச்சு நடுவில் வந்தால் அதைவிட. உங்கள் மேலதிகாரி ஒரு யோசனை சொல்கிறார், நீங்கள் மாற்றுக் கருத்து எழுதுகிறீர்கள், அவர் பதிலாக 🙏 மட்டும் போடுகிறார். அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. மூன்றோ ஐந்தோ வரிசையாகப் போடுவதும் அப்படித்தான். இரங்கலில் அது கனிவு. வாக்குவாதத்தில் கிண்டல்.

இனி அசையும் கை. இதைப் பற்றி அவ்வளவு பேச வேண்டியதில்லை, ஆனால் நம்மவர்கள் வழுக்குவது இதில்தான் அதிகம். மேற்கு நாடுகளில் கையசைப்பு வரும்போதும் உண்டு, போகும்போதும் உண்டு. நம் ஊரில் அது பெரும்பாலும் போகும்போதுதான். பேருந்து சன்னலில், ரயில் மேடையில், 'பாட்டிக்கு டாட்டா காட்டு' என்று இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டும்போது. வருகிறவரைப் பார்த்துக் கையசைத்தால் 'இங்கே இருக்கிறேன்' என்று தூரத்திலிருந்து காட்டுவதாகத்தான் பொருள். ஆகவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் ஓய்வுபெறப்போகும் அதிகாரிக்கு முதல் செய்தியாக 👋 அனுப்பினால், அவருக்கு இரண்டு சந்தேகம் வரும். போய்ட்டு வாங்க என்கிறானா? இல்லை, சக வயசுப் பையனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறானா? பையன் நினைத்தது வெறும் 'ஹாய்'.

கையசைப்பை வாசிப்பதில் உள்ள இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானியக் கடைகளில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனைப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அது டாட்டா காட்டுவதாக மேற்கத்தியர் பலர் நினைக்கிறார்கள். அது வாடிக்கையாளரை 'வா, வா' என்று அழைக்கிறது. உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து விரல்களை மடக்கிக் கூப்பிடுவது ஜப்பானிலும் உண்டு, நம்மிடமும் உண்டு.

சீனாவில் வீசாட் செயலியில் மஞ்சள் முகம் ஒன்று கையசைத்து விடைபெறும் படம் இருக்கிறது. இளைஞர்கள் நடுவில் அது 'உன்னோடு பேசி முடிந்தது, நடையைக் கட்டு' என்ற குத்தலாக மாறிவிட்டது. சிரித்த முகத்தோடு கையசைத்து ஒருவரை விலக்கிவைப்பது. அங்கே வேலை செய்கிறவர்கள் நம் பிள்ளைகளில் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இதைவிட அருகில் ஒரு தொல்லை இருக்கிறது, அதைப் பெண்கள் நன்றாக அறிவார்கள். முகநூல் மெசஞ்சரில் புதிதாக ஒருவரோடு தொடர்பு ஏற்பட்டால், அவரைப் பார்த்துக் கையசைக்கச் சொல்லிப் பொத்தானைச் செயலியே நீட்டும். ஒரு தட்டு போதும். ஆண் நினைப்பது: செயலி கேட்டது, தட்டினேன். பெண்ணின் திரையில் தெரிவது: முன்பின் அறியாத ஒருவர் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். அதுவும் இரவு பதினொரு மணிக்கு. ஒரு பொது இடத்தில் அறிமுகமில்லாத பெண்ணைப் பார்த்துக் கையசைக்க அந்த மனிதர் துணிந்திருக்க மாட்டார். தட்டியது விரல்தான் என்றாலும் அசைந்தது அவர் கையாகத்தான் போய்ச் சேர்கிறது. இதைத் தவறான புரிதல் என்று பெண்கள் மேல் போடுவது நியாயமில்லை. அவர்கள் சரியாகத்தான் வாசிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பார்வை மங்கிய பெரியவர்களுக்குச் செல்பேசித் திரையில் படங்களின் நுணுக்கம் பல நேரம் தெரியாது. அசையும் கையின் ஓரத்தில் உள்ள இரண்டு மூன்று வளைகோடுகள்தான் அதை அசைவாகக் காட்டுகின்றன. அவை தெரியாவிட்டால் மிஞ்சுவது ஓங்கிய கை. 'நில்' என்றும் இருக்கலாம், 'ஓர் அறை விடுவேன்' என்றும் இருக்கலாம். தாத்தா பாட்டிக்கு 👋 அனுப்பும் பேரப்பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். முதன்முதலாக ஒருவருக்கு எழுதும்போது 'வணக்கம்' என்று எழுத்தில் எழுதிவிட்டு, பிறகு வேண்டுமானால் கூப்பிய கையைச் சேருங்கள். ஆமா, இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அதை மட்டும் போட்டு நழுவாதீர்கள். வயதில் மூத்தவருக்கும் அறிமுகமில்லாத பெண்களுக்கும் அசையும் கை வேண்டாம். மரண அறிவிப்பின் கீழே, பிரியாவிடை என்ற நல்ல எண்ணத்தில்கூட, அதைப் போட்டுவிடாதீர்கள்.